வாரிசு சான்றிதழ் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் பற்றியது இது. எல்லாக் கேள்விக்கும் ஒரே குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெயர்கள் கற்பனை, சிக்கல்கள் மட்டும் தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் பார்ப்பவை.

மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமம். தங்கவேல், வயது 66, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் 12.03.2024 அன்று இறந்துபோனார். உயில் எதுவும் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கிய கொஞ்சம் நிலமும், ஒரு வீடும், பாங்க்கில் கொஞ்சம் பணமும் இருக்கின்றன. மனைவி ராணி. தாயார் அஞ்சலை, வயது 86, உயிரோடு இருக்கிறார். தகப்பனார் காலமாகி வெகுநாள் ஆகிறது. மூத்த மகன் சுந்தரம் 2021இலேயே இறந்துவிட்டார். சுந்தரத்தின் மனைவி கவிதா, ஏழு வயது மகள் யாழினி. இளைய மகன் குமார், மனு போடப்போகிறவர் இவர்தான். மகள் மீனா கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறார்.

அப்பா இறந்தது தஞ்சாவூரில், எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். எந்த ஆபீஸில் மனு போடுவது?

மன்னார்குடியில். இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த இடம் எந்த வட்டத்தில் வருகிறதோ, அந்த வட்டாட்சியர்தான் சான்று தருவார். உயிர் போன இடம் கணக்கில்லை. இறப்பு மட்டும் தஞ்சாவூரில் பதிவாகியிருக்கும், அதனால் இறப்புச் சான்றிதழ் அங்கிருந்து வரும்.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூடப் போனவர் அவசரத்தில் தன் வீட்டு முகவரியைச் சொல்லியிருப்பார். இறப்புச் சான்றிதழில் நிரந்தர முகவரியாக அதுவே ஏறிவிடும். பிறகு வி.ஏ.ஓ. அதைப் பார்த்துவிட்டு, "இவர் நம்ம ஊர்க்காரர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே முகவரியையும் பெயரையும் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் பதிவு செய்த அலுவலகத்திலேயே திருத்த வேண்டும், தாலுகா ஆபீஸில் அதைத் திருத்த முடியாது.

மனுவை இ-சேவை மையம் வழியாகவோ, இ-சேவை இணையதளத்தில் நீங்களாகவோ போடலாம். சேவை எண் REV-114. மையத்தில் கட்டணம் 60 ரூபாய். மனுதாரருக்குக் கேன் எண் வேண்டும், இ-சேவையில் ஒருவர் தன் விவரங்களைப் பதிவு செய்ததும் கிடைக்கும் எண் அது. முன்பு சாதிச் சான்றோ வருமானச் சான்றோ இணையத்தில் வாங்கியிருந்தால் அது ஏற்கெனவே இருக்கும்.

வாரிசு என்று யார் யார் பெயரைக் கொடுக்க வேண்டும்?

இந்தச் சான்றிதழின் உயிரே இந்தக் கேள்விதான். வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், யாருக்குச் சொத்து போக வேண்டும், யார் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அவர் இறந்த அன்று யார் யார் உயிரோடு இருந்தார்கள், அவர்களுக்கும் அவருக்கும் என்ன உறவு? இதைத்தான் எழுத வேண்டும்.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் அதில் வருகிறார்கள். முன்பே இறந்துபோன மகனுடைய மனைவி, பிள்ளைகளும், முன்பே இறந்த மகளுடைய பிள்ளைகளும் அதில் உண்டு. நம் தங்கவேல் குடும்பத்துக்கு அப்படியே பொருத்திப் பார்த்தால் ராணி, அஞ்சலை, குமார், மீனா, கவிதா, யாழினி என்று ஆறு பேர்.

தகப்பனார் முதல் வகுப்பில் இல்லை. ஆனாலும் அவர் உயிரோடு இருக்கும் குடும்பமாக இருந்தால் அதை மறைக்காமல் மனுவில் சொல்லிவிடுங்கள், எப்படிப் பதிவது என்பதை அலுவலகம் முடிவு செய்யட்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டம் வேறு. மனுவில் மதத்தைச் சரியாகக் குறிப்பிடுவது அதற்காகத்தான்.

பாட்டிக்கு 86 வயது, படுக்கையில் இருக்கிறார். அவர் பெயரை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. நான் பார்த்த மனுக்களில் அதிகம் விடுபடுவது இறந்தவரின் தாய்தான். கெட்ட எண்ணமெல்லாம் இருக்காது. "வாரிசு என்றால் பெண்டாட்டி பிள்ளைதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். ரேஷன் கார்டில் பாட்டி பெயர் சித்தப்பா வீட்டில் இருந்தால் இன்னும் சுலபமாக மறந்துபோகும்.

விட்டால் என்ன ஆகும்? தங்கவேலின் சொத்து ஐந்து பங்காகப் பிரியும். ராணிக்கு ஒன்று, அஞ்சலைக்கு ஒன்று, குமாருக்கு ஒன்று, மீனாவுக்கு ஒன்று, இறந்த சுந்தரத்தின் கிளைக்கு ஒன்று. அஞ்சலையின் ஐந்தில் ஒரு பங்கு மகன் இறந்த நொடியிலேயே அவருக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் அவரும் காலமானால், அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளின் கிளைக்கும் போகும். குமாரின் சித்தப்பாவும் அத்தையும் உள்ளே வருவார்கள். பத்து வருடம் கழித்து நிலத்தை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் இதைக் கண்டுபிடித்து, "பாட்டி வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்பார். அன்றைக்கு அத்தை பிள்ளைகள் எந்த ஊரில் இருப்பார்களோ!

ஒருவேளை மனு போடுவதற்குள் பாட்டி இறந்துவிட்டாலும் பெயரை எடுக்காதீர்கள். மகன் இறந்த அன்று அவர் இருந்தார், அதனால் வாரிசு. "தாய், பின்னர் இறந்துவிட்டார்" என்று தேதியோடு எழுதி, அவருடைய இறப்புச் சான்றிதழையும் வையுங்கள். அவருக்குத் தனியாக ஒரு வாரிசு சான்றும் பின்னால் தேவைப்படும்.

அண்ணன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணி இப்போது அவர் அம்மா வீட்டில் இருக்கிறார். அவரையும் சேர்க்க வேண்டுமா?

ஆமாம், அண்ணியையும் குழந்தையையும் சேர்க்க வேண்டும். சுந்தரம் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு வரவேண்டிய பங்கு கவிதாவுக்கும் யாழினிக்கும் சமமாகப் பிரியும். கவிதா எந்த வீட்டில் இருக்கிறார் என்பது விஷயமே இல்லை.

இதற்குச் சுந்தரத்தின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அவருக்கும் தனி வாரிசு சான்று இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் இரண்டு மனுவையும் ஒரே சமயத்தில் போட்டுவிடுவது நல்லது. முதலில் தங்கவேலுக்கு மட்டும் போட்டுவிட்டு, அது திரும்பி வந்தபின் சுந்தரத்துக்கு ஓடுபவர்கள்தான் அதிகம். சுந்தரத்தின் சான்றிலும் ஒன்று கவனியுங்கள். அவர் இறந்த 2021இல் அவருடைய தாய் ராணி உயிரோடு இருந்தார், எனவே அதில் ராணியும் வாரிசு. அப்பா சான்றில் ஆறு பேர், மகன் சான்றில் முதல் வகுப்பு வாரிசுகளாகக் கவிதா, யாழினி, ராணி மூன்று பேர். அன்று தகப்பனார் தங்கவேலும் உயிரோடு இருந்தார், அதையும் மனுவில் சொல்லிவிடுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். இறந்த தேதி வேறு, அதனால் பட்டியலும் வேறு.

தங்கச்சி "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். பெயரை விட்டுவிடலாமா?

கூடாது. கல்யாணமான மகளும் வாரிசுதான். சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு என்பதெல்லாம் வாரிசு சான்றில் செல்லாது.

மீனா உண்மையிலேயே பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கு வழி வேறு. முதலில் அவர் பெயரோடு வாரிசு சான்று வாங்க வேண்டும். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் பங்கு கைமாறாது. அந்தத் தாள், சான்று வழங்க அவருக்கு மறுப்பில்லை என்பதை மட்டும்தான் காட்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்த குடும்பங்கள் நிறைய.

என்னென்ன காகிதங்கள் எடுத்துப்போக வேண்டும்?

இறப்புச் சான்றிதழ், மனுதாரரின் ஆதார், போட்டோ, குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், மனுதாரரின் கையெழுத்திட்ட சுய உறுதிமொழி, அபிடவிட். இவ்வளவுதான் அடிப்படை.

ஆனால் வேலை நிற்பது உறவை நிரூபிக்கும் இடத்தில். கல்யாணமான மகளின் ஆதாரில் கணவர் பெயர்தான் இருக்கும். அவர் தங்கவேலின் மகள் என்று அதில் தெரியாது. அதற்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழோ, பிறப்புச் சான்றிதழோ, பழைய ரேஷன் கார்டு நகலோ வேண்டும். பழைய கார்டைத் தூக்கிப் போடாத வீடுகள் பாக்கியசாலிகள். கவிதாவுக்குத் திருமணப் பதிவுச் சான்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கணவர் பெயருள்ள ஆதாரும் யாழினியின் பிறப்புச் சான்றிதழும் உதவும். அதில் அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்குமே.

அப்பா பெயர் ஆதாரில் "தங்கவேல்", பட்டாவில் "தங்கவேலு", பாங்க்கில் "K. Thangavelan". என்ன செய்வது?

உயிரோடு இருப்பவர் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம். இறந்தவருக்கு அந்த வழி இல்லை. அதனால் அபிடவிட்டிலேயே "தங்கவேல், தங்கவேலு, தங்கவேலன் ஆகிய பெயர்கள் என் தந்தை ஒருவரையே குறிக்கும்" என்று, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்பதோடு எழுதுங்கள். வி.ஏ.ஓ. விசாரணையிலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எழுத்து வித்தியாசத்தை இப்படிச் சமாளிக்கலாம். தகப்பனார் பெயரே வேறாக இருந்தால் இது போதாது, எந்த ஆவணம் தவறோ அதைத் திருத்தியே ஆகவேண்டும். முக்கியமாக இறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் வாரிசு சான்றிலும் ஏறும். பாங்க்காரரும் சார்பதிவாளரும் கையில் வைத்துப் பார்ப்பது அதைத்தான்.

அபிடவிட்டில் என்ன எழுத வேண்டும்? நோட்டரியிடம் ரெடிமேட் படிவம் இருக்கிறதே?

ரெடிமேட் படிவத்தில் "மேற்கண்டவர்களைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை" என்ற வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த வரிக்கு மேலே இருக்க வேண்டியவைதான் பல சமயம் இருக்காது. குமார் எழுத வேண்டியது கிட்டத்தட்ட இப்படி:

"மன்னார்குடி வட்டம், ... கிராமத்தில் வசிக்கும் தங்கவேல் மகன் குமார் ஆகிய நான் உறுதி கூறுவதாவது: என் தந்தை தங்கவேல் 12.03.2024 அன்று தஞ்சாவூரில் காலமானார். அவருடைய தந்தை அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். தாயார் அஞ்சலை உயிரோடு இருக்கிறார். என் தந்தைக்கு ராணி என்ற ஒரே மனைவி, வேறு திருமணம் இல்லை. அவர்களுக்குச் சுந்தரம், குமார், மீனா என மூன்று பிள்ளைகள், வேறு பிள்ளைகளோ தத்துப்பிள்ளைகளோ இல்லை. சுந்தரம் 2021இல் காலமானார். அவருக்குக் கவிதா என்ற மனைவியும் யாழினி என்ற மைனர் மகளும் உள்ளனர்."

இதன் பிறகு ஆறு பேரின் பெயர், வயது, உறவு, திருமணமானவரா, இப்போதைய முகவரி. அதற்கும் பிறகுதான் "வேறு வாரிசுகள் இல்லை" என்ற வரி. தாய், தந்தை, ஒரே திருமணமா, தத்து உண்டா, முன்பே இறந்த பிள்ளை உண்டா என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்தால், விசாரணைக்கு வருபவர் கேட்பதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தாள் வாங்கும் முன் அபிடவிட்டுக்கு இப்போது எவ்வளவு மதிப்பு என்று முத்திரைத்தாள் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் கிடக்கும் பழைய 20 ரூபாய்த் தாளை நம்பிப் போக வேண்டாம். பொய் சொல்லி அபிடவிட் கொடுத்தால் சான்று ரத்தாவதோடு குற்ற வழக்கும் வரும்.

எல்லா வாரிசும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா? ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்.

மனு போட ஒரு வாரிசு போதும். மற்றவர்களிடம் சம்மதக் கடிதமோ வாக்குமூலமோ கேட்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். மைனருக்காக அம்மா கையெழுத்திடுவார்.

ஒருவர் கோபத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் பெயரை நீக்காதீர்கள். அவர் பெயரையும் முகவரியையும் சரியாகக் கொடுத்து, ஒத்துழைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். எல்லோர் பெயரும் இருக்கும் மனுவில் சண்டை பிடிக்க அவருக்கும் அதிகம் இடமில்லை.

வி.ஏ.ஓ. விசாரணையில் என்ன நடக்கும்?

மனு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அவர் அறிக்கையோடு வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு. வி.ஏ.ஓ. மனுதாரரிடம் வாக்குமூலம் வாங்குவார். குடும்பத்தைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடமும் எழுதி வாங்குவார்.

இந்தச் சாட்சிகளை யோசித்து அழைத்துப் போங்கள். கூப்பிட்டால் வருகிற சிநேகிதன் வேண்டாம். குடும்பத்தை இரண்டு தலைமுறையாகத் தெரிந்த பெரியவர் வேண்டும். "தங்கவேலுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டதும் ஒருவர் "ரெண்டு" என்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த சுந்தரத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மனுவில் மூன்று இருக்கிறது, மனு அங்கேயே நின்றுவிடும்.

அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அவர்களையும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள், உறவை உள்ளபடி எழுதுங்கள். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லாது. அந்த இரண்டாமவர் சட்டப்படி மனைவி ஆகமாட்டார். ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சட்டப்பூர்வமான பிள்ளைகள் என்ற நிலையைத் தருகிறது, அப்பாவின் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு.

யார் மனைவி, திருமணம் நடந்ததா இல்லையா என்று இரு தரப்பும் மோதினால் தாசில்தார் அதைத் தீர்க்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். மறைத்து வாங்கிய சான்றோ, மறுபக்கம் ஒரு ஆட்சேபணை மனு கொடுத்த அன்றே ஆட்டம் காணும்.

மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அடுத்து என்ன?

காரணத்தைப் படியுங்கள். ஆவணம் குறைவு என்றால் அதைச் சேர்த்துப் புதிதாக மனு போடுவதே சீக்கிரம் முடியும். ஒருவரைச் சேர்த்தது தவறு, விட்டது தவறு என்ற தகராறு என்றால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே அபிடவிட் நகலும் வி.ஏ.ஓ. வாக்குமூலமும்தான் பேசும், அதனால் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

பாங்க்கில் வாரிசு சான்றைக் காட்டினால் "கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தாசில்தார் சான்று, இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். கோர்ட் தருவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பத்திரங்களையும் வசூலிக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். நாமினி இருந்தால் பாங்க் பணத்தை அவரிடமே கொடுத்துவிடும். நாமினி இல்லாமல் தொகை சிறிதாக இருந்தால் பல பாங்க்குகள் வாரிசு சான்றோடு முடித்துவிடும். தொகை பெரிது, நாமினி இல்லை, வாரிசுகளுக்குள் மனத்தாங்கல் என்றால் கோர்ட் சான்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாமினி பணத்தை வாங்கிக்கொண்டாலும் அது அவர் சொந்தப் பணம் ஆகிவிடாது, வாரிசுகளுக்குப் பங்கு உண்டு.

சான்று வந்துவிட்டது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்றே போடவில்லையே?

போட மாட்டார்கள். பெயர், வயது, உறவு மட்டும்தான் இருக்கும். பங்கைச் சட்டம் தீர்மானிக்கும். நம் உதாரணத்தில் ராணி, அஞ்சலை, குமார், மீனா நால்வருக்கும் ஐந்தில் ஒன்று. கவிதாவுக்கும் யாழினிக்கும் ஆளுக்குப் பத்தில் ஒன்று.

இதை வைத்து முதலில் ஆறு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்கலாம். பிரிப்பதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்ய வேண்டும். யாழினி மைனர் என்பதால் அவள் பங்கை விற்கும் பேச்சு வந்தால் அம்மா கையெழுத்து மட்டும் போதாது, முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். நிலம் வாங்க வருபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் வாங்கியபிறகு சொல்ல வேண்டாம்.